ஸ்னாப்ஷாட்டுக்கு 72 மணி நேரம்

வெள்ளிக்கிழமை மாலை. ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்குப் புதிய பதிப்பை ஏற்றப்போகிறார்கள். ஏற்றும்போது ஏதாவது கோளாறு வந்தால் பழைய நிலைக்கே திரும்பிவிட ஒரு வழி வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் திரையில் `Take snapshot` என்பதை அழுத்துகிறார். சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த சர்வரின் ஹார்ட் டிஸ்க் 400 ஜிபி. அவ்வளவும் பத்திரமாக எங்கோ பதிந்துவிட்டது என்ற நிம்மதியோடு பதிப்பை ஏற்றுகிறார்கள். எல்லாம் நல்லபடியாக முடிகிறது. ஸ்னாப்ஷாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இருந்தால் என்றைக்காவது உதவும்தானே?

இந்த எண்ணம்தான் ஆபத்தின் தொடக்கம். 400 ஜிபியைச் சில நொடிகளில் எந்த டிஸ்க்கும் நகலெடுக்க முடியாது. அங்கே நகல் என்று எதுவும் எடுக்கப்படவே இல்லை. ஸ்னாப்ஷாட் என்ன செய்கிறது என்று ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டால், அதை ஏன் பேக்கப் என்று நம்பக்கூடாது, ஏன் மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

டிஸ்க் என்பது ஒரு கோப்பு

இன்று பெரும்பாலான அலுவலகங்களில் கணக்கு சர்வர், கோப்பு சர்வர், மெயில் சர்வர் என்று தனித்தனிப் பெட்டிகள் கிடையாது. ஒரே பெரிய சர்வருக்குள் பல கணினிகள் மென்பொருளாக ஓடுகின்றன. இவற்றைத்தான் மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். இவற்றை ஓட்டும் மென்பொருள்களில் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸில் உள்ள கேவிஎம் ஆகியவை பரவலானவை. இந்தக் கட்டுரையில் விஎம்வேரை வைத்தே பேசுவோம். மற்றவற்றில் கோப்புகளின் பெயர் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

மெய்நிகர் கணினி தனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்த டிஸ்க் ஒரு பெரிய கோப்பு. பல கணினிகளின் இத்தகைய கோப்புகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் சேமிப்பிடத்துக்கு டேட்டாஸ்டோர் என்று பெயர். நம் கணக்கு சர்வருக்கு `kanakku` என்று பெயர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு அதன் டிஸ்க் தொடர்பான கோப்புகள் இப்படி இருக்கும்:

```
kanakku.vmdk
kanakku-flat.vmdk
kanakku-000001.vmdk
kanakku-000001-sesparse.vmdk
```

400 ஜிபி தரவு இருப்பது `kanakku-flat.vmdk` கோப்பில். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து அந்தக் கோப்பில் யாரும் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். அதற்குப் பிறகு கணினி டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றும் `kanakku-000001-sesparse.vmdk` என்ற புதிய கோப்புக்குப் போகிறது. பழைய வகைச் சேமிப்பில் இதே கோப்பின் பெயர் `-delta.vmdk` என்று முடியும். களத்தில் எல்லோரும் இதை டெல்டா என்றே சொல்கிறார்கள். எடுத்தவுடன் டெல்டா ஏறக்குறையக் காலியாக இருக்கும். அதனால்தான் சில நொடிகளில் வேலை முடிந்தது.

பேரேட்டை இன்றோடு மூடி முத்திரை வைத்துவிட்டு, இனிமேல் வரும் வரவு செலவு, திருத்தம் எல்லாவற்றையும் தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதுவது போன்றது இது. இன்றைய இருப்பு தெரிய வேண்டுமானால் முதலில் சீட்டைப் பார்க்க வேண்டும். அதில் இல்லாவிட்டால் பேரேட்டைப் புரட்ட வேண்டும். பேரேடு தொலைந்தால் சீட்டுகளை வைத்து எதுவும் செய்ய முடியாது. சீட்டுகள் தொலைந்தால் முத்திரை வைத்த நாளுக்குப் பிந்தைய கணக்கு எதுவும் இல்லை.

ஆகவே ஸ்னாப்ஷாட் எடுத்ததால் கணினிக்கு இரண்டாவது பிரதி கிடைக்கவில்லை. முன்பு ஒரே கோப்பில் இருந்த ஒரே பிரதி, இப்போது ஒன்றையொன்று நம்பி நிற்கும் இரண்டு கோப்புகளாகப் பிரிந்திருக்கிறது. இவற்றில் எது கெட்டாலும் இன்றைய நிலையில் உள்ள கணினி நமக்கு இல்லை. பாதுகாப்பு கூடியிருப்பதாக நாம் நினைக்கும் வேளையில், உடையக்கூடிய இடங்கள்தான் கூடியிருக்கின்றன.

அந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை `kanakku-000001.vmdk` என்ற சிறு கோப்பைத் திறந்தால் காணலாம். அது சில வரிகளே உள்ள எழுத்துக் கோப்பு. அதில் முக்கியமானவை இவை:

```
CID=7d20b4e1
parentCID=4a1c9e07
parentFileNameHint="kanakku.vmdk"
```

என் தாய்க்கோப்பு `kanakku.vmdk`, அதன் அடையாள எண் `4a1c9e07` என்று டெல்டா எழுதிவைத்திருக்கிறது. கணினி இயங்கத் தொடங்கும்போது இந்த எண்ணும் தாய்க்கோப்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இடையில் யாராவது தாய்க்கோப்பை நேரடியாகத் திறந்து மாற்றியிருந்தால் எண்கள் பொருந்தாது. கணினி கிளம்ப மறுத்துவிடும். டிஸ்க்கைப் பெரிதாக்கும் வசதி ஸ்னாப்ஷாட் இருக்கும்போது திரையில் பூட்டியே இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு கட்டளை வழியாகத் தாய்க்கோப்பைப் பெரிதாக்கியவர்கள் பலர் இப்படித்தான் சங்கிலியை அறுத்திருக்கிறார்கள்.

ஒரு மாதத்துக்குள் நிற்கும் சர்வர்

இப்போது மறந்துபோன அந்த ஸ்னாப்ஷாட்டின் கதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் சிறு, நடுத்தர அலுவலகங்களில் நடப்பது இந்த வரிசையில்தான்.

டேட்டாஸ்டோரின் மொத்த அளவு 1,000 ஜிபி. அதில் கணக்கு சர்வரின் டிஸ்க் 400 ஜிபி, கோப்பு சர்வரின் டிஸ்க் 300 ஜிபி. இரண்டுக்கும் தொடக்கத்திலேயே முழு இடமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இயங்கும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் அதன் நினைவகம் அளவுக்கு ஒரு `.vswp` கோப்பும் அங்கே உருவாகும். கணக்கு சர்வருக்கு 16 ஜிபி, கோப்பு சர்வருக்கு 4 ஜிபி. ஆக, பயன்பாட்டில் 720 ஜிபி. காலி இடம் 280 ஜிபி. நிறையவே இருப்பதாகத்தான் தோன்றும்.

டெல்டா எப்படி வளர்கிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. டிஸ்க்கின் ஒரே பகுதியில் நூறு முறை எழுதினாலும் டெல்டாவில் அதற்கு ஓர் இடமே போதும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடப்படும் பகுதி ஒவ்வொன்றும்தான் டெல்டாவைப் பெருக்குகிறது. எனவே அன்றாட பில் போடும் வேலையால் அது மெதுவாகவே வளரும். நம் எடுத்துக்காட்டில் வேலை நாளுக்கு 8 ஜிபி. ஆனால் ஞாயிறு இரவு டேட்டாபேஸ் தன் குறிப்பட்டியல்களை, அதாவது இண்டெக்ஸ்களை, முழுக்கத் திருப்பி எழுதுகிறது. அது டிஸ்க்கின் பெரும் பரப்பைத் தொடும் வேலை. முதல் ஞாயிறு 70 ஜிபி சேர்கிறது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஏற்கெனவே தொட்ட பகுதிகளும் கலந்து வருவதால் சேர்வது குறையும். இரண்டாம் ஞாயிறு 30, மூன்றாம் ஞாயிறு 25 ஜிபி என்று கொள்வோம்.

வெள்ளி மாலை எடுத்த ஸ்னாப்ஷாட்டின் டெல்டா, முதல் ஞாயிறு இரவு முடியும்போது 78 ஜிபி. இரண்டாம் ஞாயிறு முடியும்போது 156. மூன்றாம் ஞாயிறு முடியும்போது 229. அடுத்த ஆறு வேலை நாளில் இன்னும் 48 சேர்ந்து, நான்காம் சனிக்கிழமை இரவு 277 ஜிபி. காலி இடம் 3 ஜிபி. ஞாயிறு இரவு இண்டெக்ஸ் வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் டேட்டாஸ்டோர் நிரம்பிவிடுகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்து 23 நாள் ஆகியிருக்கிறது.

இந்தக் காலம் முழுவதும் கணக்கு சர்வருக்கு உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தன் 400 ஜிபி டிஸ்க்கில் தாராளமாக இடம் இருப்பதாகவே அது காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பழைய கோப்புகளை அழித்தாலும் டெல்டா சுருங்காது. அழிப்பதும் டிஸ்க்கில் எழுதும் வேலைதான் என்பதால் சற்று வளரவே செய்யும். பிரச்சினை இருப்பது வெளியே, டேட்டாஸ்டோரில்.

இடம் தீர்ந்ததும் இஎஸ்எக்ஸ்ஐ கணக்கு சர்வரை அப்படியே நிறுத்திவைத்து, `There is no more space for virtual disk` என்று தொடங்கும் செய்தியோடு ஒரு கேள்வியைத் திரையில் காட்டும். இடம் ஏற்படுத்திக்கொண்டு `Retry` அழுத்தலாம். அல்லது `Cancel` அழுத்தினால் கணினி மின்சாரம் போனது போல நின்றுவிடும். பக்கத்தில் உள்ள கோப்பு சர்வர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முழு இடமும் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டதே! திங்கள் காலை வருபவர்களுக்கு இதனால் இன்னும் குழப்பம். ஒரே சர்வரில் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை.

இந்த நேரத்தில் செய்யக்கூடாத முதல் காரியம், டேட்டாஸ்டோரைத் திறந்து `000001` என்று பெயருள்ள அந்தப் பெரிய கோப்பைப் பழைய குப்பை என்று நினைத்து அழிப்பது. இருபத்து மூன்று நாள் கணக்கும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. முதலில் கோப்பு சர்வரை முறையாக ஷட்டவுன் செய்ய வேண்டும். அதன் `.vswp` கோப்பு மறைந்து 4 ஜிபி கிடைக்கும். அந்தச் சிறு இடத்தை வைத்துக்கொண்டு `Retry` அழுத்தினால் கணக்கு சர்வர் மீண்டும் அசையும். உடனே இண்டெக்ஸ் வேலையை நிறுத்தி அதையும் முறையாக ஷட்டவுன் செய்ய வேண்டும். இப்போது அதன் 16 ஜிபியும் விடுபடும். அதன் பிறகு, கணினி அணைந்திருக்கும் நிலையிலேயே ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போது நீக்கினால், அந்த நேரத்தில் வரும் புதிய எழுத்துகளைப் பிடித்துவைக்க இன்னொரு தற்காலிக டெல்டா தேவைப்படும். அதற்கு இங்கே இடம் போதாது.

`Delete` என்றால் அழிப்பது இல்லை

ஸ்னாப்ஷாட்டை நீக்கும் பொத்தானின் பெயர் `Delete`. அதை அழுத்தக் கை நடுங்குவது இயல்பு. 23 நாள் கணக்கும் போய்விடுமோ என்ற பயம். ஆனால் `Delete` செய்வது, டெல்டாவில் இருப்பதையெல்லாம் தாய்க்கோப்பில் எழுதி இரண்டையும் ஒன்றாக்குவது. இன்றைய நிலை அப்படியே இருக்கும். பழைய நாளுக்குத் திரும்பும் வழி மட்டுமே மூடப்படும். தரவைத் தூக்கிப் போடுவது `Revert` என்ற மற்றொரு பொத்தான். அது டெல்டாவை வீசிவிட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்த நொடிக்குக் கணினியைக் கொண்டுபோகும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, இடம் மீட்கிறேன் என்று `Revert` அழுத்தினால் மூன்று வாரக் கணக்கு போய்விடும்.

`Delete` அழுத்திய பிறகு வேண்டியது பொறுமை. 280 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 47 நிமிடம். அது ஏட்டுக் கணக்கு. டெல்டாவில் தரவு சிதறிக் கிடக்கும். அதே டிஸ்க்கிலிருந்து படித்து அதே டிஸ்க்கில் எழுத வேண்டும். அதனால் நடைமுறையில் பல மணி நேரம் ஆகலாம். முன்னேற்றப் பட்டை 99 விழுக்காட்டில் நெடுநேரம் அசையாமல் நிற்பதும் வழக்கம். செயலிழந்துவிட்டது என்று நினைத்து நடுவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்பவர்கள், பாதி இணைந்த கோப்புகளோடு மாட்டிக்கொள்கிறார்கள்.

கணினி இயங்கும்போதே நீக்கினால் வேறொரு தொல்லை. கடைசித் துளியை இணைக்கும்போது இஎஸ்எக்ஸ்ஐ கணினியைச் சற்று உறையவைக்கிறது. டெல்டா சிறியதாக இருந்தால் யாரும் கவனிக்காத அளவுக்குச் சிறு இடைவெளி. பெரிய டெல்டாவும் எழுத்து வேலை மிகுந்த டேட்டாபேஸும் சேர்ந்தால் அந்த உறைநேரம் நீண்டு, கணினியோடு இணைந்திருந்தவர்களின் தொடர்பு அறுந்துபோகும்.

இதே கதையில் ஸ்னாப்ஷாட்டைத் திங்கள் மாலையே, அதாவது மூன்றாம் நாளே நீக்கியிருந்தால் டெல்டா 86 ஜிபிதான். அதே வேகக் கணக்கில் கால் மணி நேர வேலை. இடமும் தாராளமாக இருந்திருக்கும். விஎம்வேர் தன் வழிகாட்டுதலில் சொல்வதும் இதையே: ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், அதைப் பேக்கப்பாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரு சங்கிலியில் 32 ஸ்னாப்ஷாட் வரை மென்பொருள் அனுமதிக்கும். ஆனால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். டெல்டாவின் மேல் டெல்டா ஏறினால், தரவைத் தேடிப் படிக்க ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருக்கும், கணினியும் மெதுவாகும்.

திரும்ப முடியாத பழைய நாள்

இடப் பிரச்சினையே இல்லை, டிஸ்க் மிகப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பழைய ஸ்னாப்ஷாட்டால் பெரிய பயன் இல்லை. திரும்பிப் போவது என்றால் முழுக் கணினியும் திரும்பும். வெள்ளி இரவு பதிப்பை ஏற்றிக் கோளாறு தெரிந்தால், அன்றே திரும்புவதில் இழப்பு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை திரும்பினால் இரண்டு நாள் பில் போகும். மூன்று வாரம் கழித்துத் திரும்ப எந்த நிறுவனம் சம்மதிக்கும்?

அப்படியே துணிந்து திரும்பினாலும் வெளியுலகம் கூடவே திரும்பாது. சென்ற வாரம் கொடுத்த பில் எண்கள் சர்வருக்கு நினைவிருக்காது. அதே எண்களில் வேறு வாடிக்கையாளர்களுக்கு மீண்டும் பில் போடும். வங்கிக்கு அனுப்பிய கோப்புகள், போன மின்னஞ்சல்கள், இன்னொரு சர்வரில் பதிவான சரக்கு இருப்பு எல்லாம் முன்னே இருக்க, கணக்கு மட்டும் பின்னே நிற்கும்.

விண்டோஸ் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவன வலையமைப்பில் டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்கும் மனிதர்களுக்குத் தெரியாத ஒரு ரகசியச் சொல் இருக்கிறது. கணினி அதை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய கணினியிடம் இருப்பது பழைய சொல். டொமைன் கன்ட்ரோலரிடம் இருப்பது புதியது. இரண்டும் பொருந்தாமல் போகும்போது, நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்ற செய்தியோடு யாரையும் உள்ளே விடாமல் அது நிற்கும். சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அவசரத்தில் திரும்பியவருக்கு அது இன்னொரு அவசரம்.

ஆக, ஸ்னாப்ஷாட்டின் பயன் ஒவ்வொரு நாளும் குறைகிறது. அதை வைத்திருக்கும் செலவோ ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. மூன்றாம் நாள் வாக்கில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. அதைத் தாண்டி வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை.

பேக்கப் என்ன செய்கிறது

அதே கணக்கு சர்வருக்கு ஒழுங்கான பேக்கப் மென்பொருள் இருந்தால் இரவில் நடப்பது வேறு. அதுவும் தொடக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அதற்கு முன் விண்டோஸிடமும் டேட்டாபேஸிடமும் சொல்லி, நினைவகத்தில் பாதியில் இருக்கும் பதிவுகளை டிஸ்க்கில் எழுதி முடிக்க வைக்கும். ஸ்னாப்ஷாட்டால் தாய்க்கோப்பு உறைந்து நிற்கும் அந்த இடைவெளியில், அதிலிருந்து தரவைப் படித்து வேறொரு சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பும். முதல் நாள் முழுவதையும் அனுப்பும். மறுநாளிலிருந்து, எந்தெந்தப் பகுதி மாறியது என்று இஎஸ்எக்ஸ்ஐ வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து அவற்றை மட்டும் அனுப்பும். நம் சர்வருக்கு வேலை நாளில் 8 ஜிபி அளவு. நகல் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடும். ஸ்னாப்ஷாட்டுக்கு உரிய சரியான வேலை இதுதான்: நகலெடுக்கும் வரை டிஸ்க்கை அசையாமல் பிடித்துக்கொள்வது, பிறகு விலகிக்கொள்வது.

23 நாள் கழித்துப் பார்த்தால், வேறொரு பெட்டியில் 23 இரவுகளின் நகல்கள் இருக்கும். அவை மூல டேட்டாஸ்டோரில் ஒரு ஜிபியைக்கூட அடைப்பதில்லை. பத்தாம் நாள் தவறுதலாக அழித்த ஓர் எக்செல் கோப்பை மட்டும் எடுக்கலாம். முழுக் கணினியையும் பின்னோக்கித் தள்ள வேண்டியதில்லை. டேட்டாஸ்டோரின் டிஸ்க்குகள் எரிந்தே போனாலும், வேறு சர்வரில் கணினியை எழுப்பலாம். ஸ்னாப்ஷாட்டோ தாய்க்கோப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள அச்சம் இல்லை. 2023 பிப்ரவரியில் `ESXiArgs` என்று பெயர் பெற்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து கிடந்த பழைய இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைத் தாக்கியது. உலக அளவில் 3,800க்கும் மேற்பட்ட சர்வர்கள் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அறிவித்தது. அந்த ரான்சம்வேர் மெய்நிகர் கணினிகளுக்கு உள்ளே நுழையவே இல்லை. வெளியே, டேட்டாஸ்டோரில் இருந்த கோப்புகளைப் பெயர்ப் பின்னொட்டு பார்த்துப் பூட்டியது. அந்தப் பட்டியலில் டிஸ்க்குக்குரிய `.vmdk` இருந்தது. ஸ்னாப்ஷாட் விவரங்களை வைத்திருக்கும் `.vmsd`, `.vmsn` ஆகியவையும் இருந்தன. சிலருக்குப் பெரிய `-flat` கோப்புகள் பூட்டப்படாமல் தப்பியதால் மீட்க முடிந்தது. தாக்கியவர்கள் பிறகு அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். வேறோர் இடத்தில், வேறு கடவுச்சொல்லின் பின்னால் நகல் வைத்திருந்தவர்களுக்கு மீள ஒரு வழி இருந்தது. ஸ்னாப்ஷாட் மட்டும் வைத்திருந்தவருக்கு, பூட்டப்பட்ட கோப்புகளோடு அதுவும் ஒன்று.

பேக்கப்புக்குப் பலரும் சொல்லும் 3-2-1 விதி இங்கே அளவுகோலாக உதவும். இதைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர். தரவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டை இந்த அளவுகோலில் வைத்தால் பிரதி ஒன்று, சேமிப்பு ஒன்று, வேறிடம் பூஜ்யம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்களும் ஸ்னாப்ஷாட் என்ற பெயரில் ஒரு வசதி தருகின்றன. அமேசானின் இபிஎஸ் டிஸ்க்குக்கு எடுக்கும் ஸ்னாப்ஷாட், தரவை டிஸ்க்குக்கு வெளியே எஸ்3 சேமிப்பில் உண்மையாகவே நகலெடுக்கிறது. மூல டிஸ்க் அழிந்தாலும் அது நிற்கும். எனவே 72 மணி நேர விதி அதற்குப் பொருந்தாது. இந்தக் கட்டுரை பேசுவது, டெல்டா கோப்பாக மூலத்தின் பக்கத்திலேயே கிடக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பற்றி.

கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவை

யாரும் எடுக்காத ஸ்னாப்ஷாட்டும் கிடக்க முடியும். பேக்கப் மென்பொருள் எடுத்த ஸ்னாப்ஷாட், நடுவில் நெட்வொர்க் அறுந்ததால் நீக்கப்படாமல் நின்றுவிடலாம். சில வேளைகளில் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போய், டெல்டா கோப்பு டேட்டாஸ்டோரிலேயே தங்கி வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்தால் காலி. ஆனால் இடம் குறைந்துகொண்டே போகும். `Virtual machine disks consolidation is needed` என்ற மஞ்சள் எச்சரிக்கை வந்தால் பொருள் இதுதான். அந்தக் கணினியின் மெனுவில் `Consolidate` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தங்கிய டெல்டா தாய்க்கோப்போடு இணையும். அதற்கு முன், அந்தக் கணினிக்கு பேக்கப் எதுவும் அப்போது ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

பட்டியலில் உள்ளவற்றைப் பவர்சிஎல்ஐ கருவியில் ஒரே வரியில் பார்க்கலாம்:

```
Get-VM | Get-Snapshot | Select VM, Name, Created, SizeGB
```

எந்தக் கணினியில், எந்தப் பெயரில், எந்தத் தேதியில் எடுத்தது, இப்போது எத்தனை ஜிபி என்று வந்துவிடும். பட்டியலில் இல்லாமல் தங்கியவற்றைப் பிடிக்க, இஎஸ்எக்ஸ்ஐ சர்வரிலேயே கோப்புகளைத் தேட வேண்டும்:

```
find /vmfs/volumes/ -name "*-sesparse.vmdk" -o -name "*-delta.vmdk"
```

முதல் கட்டளையில் பெயர் வராத ஒரு கணினியின் கோப்பு இரண்டாவது கட்டளையில் வந்தால், அங்கே ஒரு டெல்டா யாருக்கும் தெரியாமல் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். திங்கள்தோறும் இந்த இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் அலுவலகத்தில் டேட்டாஸ்டோர் நிரம்பி சர்வர் நிற்பது அரிது. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே அதன் பெயரில் எடுத்தவர், காரணம், நீக்க வேண்டிய தேதி மூன்றையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. `test` என்றும் `new` என்றும் பெயர் வைத்தவை ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்குக் காரணம், அவற்றை நீக்கலாமா என்று சொல்ல யாரும் இல்லாததுதான்.

சர்வர் அறையோடு தொடர்பே இல்லாத நிறுவன உரிமையாளரும், மருத்துவமனை நிர்வாகியும், பள்ளித் தாளாளரும்கூடத் தங்கள் தரவின் நிலையைச் சோதித்துப் பார்க்கலாம். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே பதில் வரும். அதனால் வேறு விதமாகக் கேட்க வேண்டும். இந்த சர்வர் பெட்டியும் அதன் டிஸ்க்குகளும் இந்த நொடி இல்லாமல் போனால், எந்தத் தேதி வரையிலான கணக்கு நமக்குக் கிடைக்கும், எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலில் ஸ்னாப்ஷாட் என்ற சொல் வந்தால் அங்கே பேக்கப் இல்லை. நேற்றிரவு வரை, நான்கு மணி நேரத்தில் என்பது போலத் தெளிவான பதில் வந்தால், அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நகலிலிருந்து கணக்கு சர்வரை நெட்வொர்க் இணைப்பு இல்லாமல் தனியாக எழுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை போட்ட கடைசி பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது திறந்தால்தான் அந்த நகல் பேக்கப்.